கொலை வழக்கை போலீஸ் மூடிவிட்டால் குடும்பம் எங்கிருந்து தொடங்குவது?

"கேஸ் முடிஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஸ்டேஷனில் சொன்னால், அதைக் கேட்டு வீடு திரும்பிவிடாதீர்கள். சட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லை. கொலை வழக்கை மூடும் அதிகாரம் காவல் ஆய்வாளருக்குக் கிடையாது. வழக்கைக் கைவிடலாம் என்று அவர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கலாம்; ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்பவர் நடுவர் எனப்படும் மாஜிஸ்திரேட். கொலைக்குக் காலவரம்பும் இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு நம் நடைமுறைச் சட்டம் கால எல்லை வைக்கவில்லை. ஆகவே பத்து வருடம் ஆகிவிட்டதே என்பது மட்டும் தடையாகாது.

இந்தியச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பழைய வழக்குகளின் காகிதங்களில் பழைய பிரிவு எண்களே இருக்கும் என்பதால் தேவையான இடங்களில் இரண்டையும் தருகிறேன்.

எந்தக் காகிதத்தால் மூடினார்கள்?

முதல் வேலை இதுதான். குடும்பங்கள் பெரும்பாலும் இதைக் கேட்காமலே மனு மேல் மனுவாக அனுப்பிக்கொண்டிருக்கின்றன. "மூடியாச்சு" என்பதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நிலைகளில் ஒன்று இருக்கும்.

ஒன்று, வழக்கு கொலை என்று பதிவாகவே இல்லை. "சந்தேக மரணம்" என்று 174-ஆவது பிரிவில் (இப்போது 194) பதிந்து, தற்கொலை அல்லது விபத்து என்று முடித்திருப்பார்கள். இந்த அறிக்கை நிர்வாக நடுவருக்கு, அதாவது ஆர்.டி.ஓ. அல்லது வட்டாட்சியர் நிலை அதிகாரிக்குப் போகும். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் போய்த் தேடினால் கிடைக்காது. இந்தப் பிரிவின் வேலை, சாவுக்கு வெளிப்படையான காரணம் என்ன என்று பார்ப்பதோடு முடிகிறது. யார் செய்தது என்று அது கேட்பதில்லை. ஆகவே இங்கே கேட்க வேண்டியது, வழக்கைத் தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவுக்கு மாற்றி (பழையது 302, புதியது 103) விசாரிக்க வேண்டும் என்பது. ஆய்வாளர் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு, அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் 156(3)-இன் கீழ் (இப்போது 175(3)) மனு.

இரண்டு, கொலை என்று பதிந்து, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இறுதி அறிக்கை போட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் இதைப் பற்றியது.

மூன்று, எந்த அறிக்கையும் போடவில்லை. ஃபைல் அலமாரியில் தூங்குகிறது. இது நிறையவே நடக்கிறது. இங்கே எதிர்க்க ஓர் உத்தரவு இல்லை. விசாரணை நிலுவையில் இருப்பதால், அதை முறையாக நடத்த உத்தரவிடும்படி நடுவரிடம் 175(3)-இன் கீழ் கேட்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193(3) சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள். "பாதிக்கப்பட்டவர்" என்றால் இறந்தவரின் சட்டபூர்வ வாரிசும் அதில் அடக்கம்.

எது என்று தெரிந்துகொள்ள, குற்ற எண்ணையும் ஆண்டையும் வைத்துக்கொண்டு நடுவர் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள். இறுதி அறிக்கை வந்திருந்தால் அங்கே பதிவு இருக்கும்.

நோட்டீஸில் கையெழுத்துப் போடும்போது

தமிழ்நாட்டில் வழக்கைக் கைவிடும் முன் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து புகார்தாரரிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஏட்டு ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா, ஃபார்மாலிட்டிதான்" என்பார். போடலாம். ஆனால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். "எனக்கு ஆட்சேபனை இல்லை" என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, "நகல் பெற்றுக்கொண்டேன், ஆட்சேபனை தாக்கல் செய்வேன்" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் தருவது ஒரு நோட்டீஸ். நீதிமன்றத்துக்குத் தனியாக ஒரு கடமை உண்டு. 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அறிக்கையை ஏற்று வழக்கைக் கைவிட நடுவர் நினைத்தால், முதல் தகவல் கொடுத்தவருக்கு அறிவிப்பு தந்து அவர் பேச்சைக் கேட்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அறிவிப்பு பெறும் உரிமை தகவல் கொடுத்தவருக்குத்தான். பிணத்தை முதலில் பார்த்த கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுத்திருந்தால் நோட்டீஸ் அவருக்குப் போகும். பெற்ற தாய்க்குப் போகாது. ஆனால் அறிக்கை பரிசீலனைக்கு வரும் நாளில் உறவினர் தாமாக ஆஜராகி ஆட்சேபிக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே புகார்தாரர் வேறு யாரோ என்றால் காத்திருக்காதீர்கள். நீதிமன்றத்தில் நீங்களே கண்காணிக்க வேண்டும்.

அறிவிப்பே வராமல் ஏற்கெனவே மூடிவிட்டார்கள் என்றால், அந்த உத்தரவை எதிர்த்துச் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனு போடலாம். அதற்குக் கெடு 90 நாள். தாண்டிவிட்டால், நோட்டீஸ் வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போட வேண்டும்.

எதற்கும் முன்னால், பொருட்களைக் காப்பாற்றுங்கள்

மனு எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வக்கீல்கள்கூட இதைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பற்றிய பொருட்கள் நீதிமன்றத்தின் சொத்து அறையிலோ, ஸ்டேஷனிலோ, தடய அறிவியல் ஆய்வகத்திலோ இருக்கும். வழக்கு முடிந்தது என்று ஏற்றுக்கொண்டபின் அவற்றை அழிக்க உத்தரவு போடுவது சாதாரண அலுவலக வேலை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ய வேண்டும் என்றில்லை. இடம் இல்லை என்பதே போதும். ரத்தக்கறைச் சட்டை ஒன்று அப்படிப் போனால், பத்து வருடம் கழித்து எந்த ஆய்வகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எனவே நடுவரிடம் ஒரு பக்க மனு: இந்தக் குற்ற எண்ணில் படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பொருட்களை, ஆட்சேபனை மனு முடிவாகும் வரை அழிக்கவோ திருப்பிக் கொடுக்கவோ கூடாது, அவை இப்போது எங்கே, எந்த நிலையில் உள்ளன என்று அறிக்கை தரவேண்டும். இரண்டாவது பாதி முக்கியம். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்திருக்கும், உலரவைத்துக் காகித உறையில் வைத்திருந்தால் பல ஆண்டு தாங்கும். எது என்று இப்போதே தெரிந்தால் எதை நம்பி மனு போடலாம் என்றும் தெரியும்.

செல்போன் பதிவுகள் இதைவிட மோசம். அழைப்பு விவரங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய காலம் 2021 டிசம்பரிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்கு முன் ஓராண்டுதான். அதைத் தாண்டிய வழக்கில், அப்போது போலீஸ் வாங்கி வைத்தது மட்டுமே மிச்சம். இரண்டு ஆண்டுக்குள் இருக்கிறீர்கள் என்றால், நிறுவனம் பதிவுகளைப் பாதுகாக்க உத்தரவிடும்படி உடனே கேளுங்கள்.

அபயா வழக்கு காட்டும் வழி

1992 மார்ச் 27 அன்று கேரளத்தின் கோட்டயத்தில், பயஸ் டென்த் கான்வென்ட் விடுதிக் கிணற்றில் சிஸ்டர் அபயாவின் உடல் கிடைத்தது. உள்ளூர் போலீஸ் தற்கொலை என்றது. கிரைம் பிராஞ்சும் அதையே சொல்லி முடித்தது. 1993-இல் சி.பி.ஐ. எடுத்தது. ஆனால் 1996-இல் சி.பி.ஐ.யே கொலையா தற்கொலையா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று அறிக்கை போட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த அறிக்கை 1999-இல்: கொலைதான், ஆனால் செய்தது யார் என்று கண்டறிய முடியவில்லை. அதையும் ஏற்கவில்லை. 2005-இல் மூன்றாவது முறை மூடப் பார்த்தார்கள், மறுபடியும் மறுப்பு. 2008-இல் கைதுகள் நடந்தன. 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் மேல்முறையீடு முடியும் வரை அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. அபயாவின் பெற்றோர் தீர்ப்பைப் பார்க்கவில்லை. இருவரும் 2016-இலேயே காலமாகிவிட்டார்கள்.

நம் வேலைக்கு இதில் இரண்டு விஷயம். முதலாவது, வழக்கை உயிரோடு வைத்திருந்தது புதிய ஏஜென்சி அல்ல, நடுவரின் மறுப்புதான். "சி.பி.ஐ. விசாரணை வேண்டும்" என்று கேட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், இங்கே மூன்று முறை மூடப் பார்த்தது அதே சி.பி.ஐ. என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது, அபயாவின் உடைகள், டைரி முதலியவை தொடக்க காலத்திலேயே அழிக்கப்பட்டன. அதனால் தடயத்தை விட்டுவிட்டு, சாட்சிகளையும் சூழ்நிலையையும் நம்பி வழக்கை நடத்த வேண்டியதாயிற்று. அன்றிரவு திருட வந்ததாகச் சொன்ன ஒருவர் முக்கிய சாட்சியானார். மேல்முறையீட்டில் இப்படிப்பட்ட சாட்சியத்தின் மீது எத்தனை கேள்வி வரும் என்று யாரும் ஊகிக்கலாம்.

ஆட்சேபனை மனு: செய்யாத வேலையின் பட்டியல்

புரொடெஸ்ட் பெட்டிஷன் என்பார்கள். "விசாரணை ஒருதலைப்பட்சமானது, போலீஸ் விலைபோய்விட்டது" என்று நாலு பக்கம் எழுதினால் நடுவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வேலை செய்யப்படவில்லை, அதைச் செய்தால் என்ன தெரியவரும் என்று சொன்னால்தான் உத்தரவு போட முடியும்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வரும்? இறுதி அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்வை மகஜர், கைப்பற்றுதல் மகஜர், படிவம் 95, ஆய்வக அறிக்கைகள் ஆகியவற்றுக்கு நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்குங்கள். நகல் வரும்வரை வாய்தா கேளுங்கள். கேஸ் டைரி கிடைக்காது. அதை நீதிமன்றம் மட்டும்தான் பார்க்கலாம். பிறகு ஒரு காகிதத்தை இன்னொன்றோடு வைத்துப் படிக்க வேண்டும்.

நானே கட்டிய உதாரணம் ஒன்று. தனியாக வாழ்ந்த ஒரு பாட்டி, வீட்டுக்குள் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடக்கிறார். கழுத்துச் சங்கிலியும் செல்போனும் இல்லை. "துப்புத் துலங்கவில்லை" என்று அறிக்கை. பார்வை மகஜரைப் படித்தால், மேஜைமேல் இரண்டு டம்ளர், ஒன்றில் பாதி காபி என்று ஆய்வாளரே எழுதியிருக்கிறார். கைப்பற்றுதல் மகஜரில் டம்ளர்கள் இருக்கின்றன. படிவம் 95-இல் இல்லை. விரல்ரேகை நிபுணரின் அறிக்கையும் இல்லை. வந்தவரை உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார் என்றால் தெரிந்த ஆள் என்று பொருள்; வெளியூர்த் திருடன் என்ற போலீஸின் கதை அங்கேயே ஆட்டம் காண்கிறது. பிரேதப் பரிசோதனையில் நகத் துணுக்கு எடுத்ததாக இருக்கிறது. அதற்கு ஆய்வக முடிவு வரவில்லை. செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண், வீட்டில் உள்ள பெட்டியில் அச்சாகி இருக்கிறது. அது பிறகு வேறு சிம்மில் இயங்கியதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை மனுவில் இப்படி எழுதலாம்: "கைப்பற்றுதல் மகஜரில் வரிசை எண் 4, 5 ஆகக் காட்டப்பட்ட இரண்டு டம்ளர்கள் படிவம் 95-இல் இடம்பெறவில்லை. அவை எங்கே உள்ளன என்று விசாரணை அதிகாரி விளக்கவும், அவற்றில் இருந்து ரேகை எடுக்கப்பட்டிருந்தால் அதைத் தேசிய விரல்ரேகைத் தொகுப்பில் ஒப்பிடவும் உத்தரவிட வேண்டும்." இப்படி நாலைந்து பத்தி போதும். மகஜர் தேதி, பக்க எண் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.

அந்தத் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாஃபிஸ் என்று அழைக்கப்படும் தேசிய விரல்ரேகை அமைப்பு 2022-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் ஒரு மாநிலத்தில் எடுத்த ரேகையை நாடு முழுவதும் தேடுவது எளிதாக இல்லை. ஆகவே பழைய வழக்கில் ரேகை இருந்தும் ஆள் சிக்கவில்லை என்றால், "மறுபடி தேடுங்கள்" என்பது நியாயமான, புதிய காரணம். டி.என்.ஏ.வில் அந்த வசதி இல்லை. குற்றவாளிகளின் டி.என்.ஏ.வைத் தொகுத்துவைக்கும் தேசிய வங்கிக்கான மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. வெளிநாட்டுச் செய்திகளில் வருவதுபோல் ரத்தத் துளியைப் போட்டால் பெயர் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒப்பிட ஒரு சந்தேக நபர் வேண்டும். சந்தேகப் பெயர் இருந்தால் மனுவில் சொல்லுங்கள். எதனால் சந்தேகம் என்றும் சேர்த்து.

என்ன கேட்பது என்பதில்தான் வழக்கு சிக்கும்

மனுவின் கடைசியில் வரும் கோரிக்கைப் பத்தியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நடுவருக்கு மூன்று வழிகள் உண்டு: அறிக்கையை ஏற்பது, ஏற்காமல் தாமே வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொள்வது, மேல்விசாரணைக்கு உத்தரவிடுவது. குற்றப்பத்திரிகை போடு என்று போலீஸுக்கு அவர் உத்தரவிட முடியாது. அதை உச்ச நீதிமன்றம் 1967-இலேயே தீர்த்துவிட்டது.

நீங்கள் கேட்க வேண்டியது மேல்விசாரணை: பழைய சட்டத்தில் 173(8), இப்போது 193(9). "மறுவிசாரணை" என்று எழுதிவிடாதீர்கள். பழைய விசாரணையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் மறுவிசாரணை. அதை உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான் உத்தரவிடலாம் என்று 2012-இல் வினய் தியாகி வழக்கில் சொல்லப்பட்டது. அந்த ஒரு சொல்லுக்காக மனு தள்ளுபடியாவது உண்டு.

இன்னொரு பள்ளம் இதைவிட ஆழமானது. ஆட்சேபனை மனுவைத் தனிநபர் புகாராக எடுத்துக்கொள்ளும்படி சிலர் கேட்கிறார்கள். வேகமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கொலை, செஷன்ஸ் நீதிமன்றம் மட்டும் விசாரிக்கும் குற்றம். தனிநபர் புகாராகிவிட்டால் சாட்சிகள் எல்லோரையும் நீங்களே கூட்டிவந்து நடுவர் முன் சத்தியப்பிரமாணத்தில் சொல்லவைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் போலீஸ் விசாரணைக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. ஆளே தெரியாத வழக்கில் ஒரு குடும்பம் ரேகை எடுக்கவோ செல்போன் பதிவு வாங்கவோ முடியுமா? நேரில் பார்த்த சாட்சி கையில் இருந்தால் மட்டும் அந்தப் பாதையை யோசியுங்கள். அரைகுறை மனு தள்ளுபடியானால், அதே விஷயத்தில் இரண்டாவது புகார் அபூர்வமான சூழலில்தான் ஏற்கப்படும்.

ஏற்கெனவே மூடி, பல வருடம் ஆகிவிட்டதா?

கதவு சாத்தப்படவில்லை. மூடும் அறிக்கையை நடுவர் ஏற்றுக்கொண்ட பிறகும், அந்த உத்தரவை ரத்து செய்யாமலே மேல்விசாரணை நடத்தலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இப்போது உங்களிடம் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்: அன்று பேசாத சாட்சி, பரிசோதிக்காத பொருள், தேடாத ரேகை. முதலில் எஸ்.பி.க்கு எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பேச முன்வரும் சாட்சியை நீங்களே உட்காரவைத்து வீடியோ எடுக்காதீர்கள். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல நீங்களே வழிசெய்துவிடுவீர்கள். அவர் பெயரையும், எதைப் பற்றிப் பேசுவார் என்பதையும் மனுவில் எழுதினால் போதும். அவர் பயந்தால், 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட அளவிலேயே மனு கொடுக்கலாம்.

நடுவரிடம் பலன் இல்லை அல்லது உள்ளூர் போலீஸே சம்பந்தப்பட்டிருக்கிறது என்றால்தான் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது மதுரை அமர்வு. 482 (இப்போது 528) மனுவில் சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றவோ சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கவோ கேட்கலாம். நேராக அங்கே ஓடினால், முதலில் நடுவரிடம் போங்கள் என்று 2007-இன் சகிரி வாசு தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். மாநில அரசின் சம்மதம் இல்லாமலும் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2010-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அபூர்வமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. திருச்சியில் 2012-இல் நடந்த ராமஜெயம் கொலையில் சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., சிறப்புக் குழு என்று கைமாறியும் பத்தாண்டில் துப்புத் துலங்கவில்லை. மாற்றச் சொல்லும்போதும் செய்யாத வேலையின் பட்டியல் கூடவே போக வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனுவில் இறந்தவரின் மனைவி, தாய் அல்லது மகள் மனுதாரராக இருந்தால் அந்த வழி திறக்கும். அதே அலுவலகத்தில் இழப்பீட்டுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். குற்றவாளி அடையாளம் காணப்படாமல், நீதிமன்ற விசாரணையே நடக்காமல் போன வழக்கிலும் இறந்தவரை நம்பியிருந்தவர்கள் இழப்பீடு கேட்கலாம் என்று 357ஏ பிரிவு (இப்போது 396) சொல்கிறது. பணம் வாங்கினால் வழக்கை விட்டுக்கொடுத்ததாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். ஆகாது, அது அரசின் திட்டம், மேல்விசாரணை மனுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.